அரக்குப் பட்டு பச்சையாகும்போது

கேள்வி: ஐயா, கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் எடிட்டிங் பார்க்கிறேன். ஒரு முகூர்த்தக் குரூப் போட்டோவில் ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். நான்கு பேர் ஒரே மாதிரி பாட்டில் பச்சைப் பட்டு. பெண்ணின் அத்தை மட்டும் அரக்குப் பட்டு. அதையும் பச்சையாக்கித் தரச் சொல்கிறார்கள். மண்டபத்தில் மஞ்சள் பல்பு வெளிச்சம்தான். நேர் ஃபிளாஷ் அடித்து எடுத்த படம், ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது. Hue/Saturation-இல் ஹ்யூவை இழுத்தேன். புடவை ரேடியம் பச்சையாகிவிட்டது. பளபளப்பு இருக்கும் இடங்களைச் சுற்றி ஒரு விளிம்பு வித்தியாசமாகத் தெரிகிறது, கொசுவ மடிப்புகளுக்குள் பழுப்புத் திட்டுகள், ஜரிகை வேறு நிறம் மாறிவிட்டது. எங்கே தப்பு? இன்னொன்று: அதே வீட்டில் மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டை கிரீம் கலராக்கித் தரவும் கேட்கிறார்கள். முடியுமா?

— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அத்தையிடம் கேட்டுவிட்டார்களா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி. அது உங்கள் வேலை இல்லை, விடுங்கள். புடவைக்கு வருவோம். அரக்கை பாட்டில் பச்சையாக்கலாம். ஆனால் ஹ்யூ ஸ்லைடரால் இல்லை.

நீங்கள் சொன்ன நான்கு கோளாறுகளுக்கும் வேர் ஒன்றுதான். ஹ்யூவை இழுக்கும்போது, படத்தில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தை நம்பி அதைத் திருப்புகிறீர்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்டன் புடவையில் அந்த நிறத்தை நம்பலாம். நேர் ஃபிளாஷில் எடுத்த பட்டில் நம்ப முடியாது. வெளிச்சம் அதிகம் விழுந்த இடத்தில் நிறம் வெந்து போயிருக்கும். மடிப்புக்குள் நிறமே பதிவாகியிருக்காது. இல்லாத நிறத்தைத் திருப்பினால் வருவது குப்பைதான்.

F8 அழுத்தி Info பேனலைத் திறந்து, மவுஸை அந்தப் புடவை மேல் நகர்த்திப் பாருங்கள். உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை; ஆனால் நேர் ஃபிளாஷில் அரக்குப் பட்டு என்றால் எண்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். சாதாரணமாக வெளிச்சம் பட்ட பரப்பில் சிவப்பு 150, பச்சை 25, நீலம் 35. ஃபிளாஷைப் பார்த்திருக்கும் மடிப்பின் முகட்டில் சிவப்பு 255, பச்சை 92, நீலம் 104. அதற்குச் சற்று மேலே சிவப்பு மறுபடி 255, பச்சை 118. பளபளப்பின் நடுவில் மூன்றும் 255. கொசுவத்தின் ஆழத்தில் சிவப்பு 38, பச்சை 9, நீலம் 11.

முகட்டில் இரண்டு இடத்திலும் சிவப்பு 255-லேயே நிற்பதைக் கவனியுங்கள். அங்கே சிவப்பு சேனல் முட்டிவிட்டது. Ctrl+3 அழுத்தி அந்த சேனலை மட்டும் பார்த்தால் தோள் பக்கம் வெள்ளைக் காகிதம் ஒட்டியது மாதிரி தட்டையாக இருக்கும். Ctrl+4-க்குப் போனால் அதே இடத்தில் நெசவும் மடிப்பும் பச்சை சேனலில் உயிரோடு இருக்கும். நிழலில் இது தலைகீழ். அங்கே பச்சை சேனலில் 9, 10 என்று வெறும் இரைச்சல்தான். துணியின் வடிவம் சிவப்பில்தான் மிச்சமிருக்கிறது. நீல சேனலைப் போட்டுப் பாருங்கள், கட்டம் கட்டமாகத் தெரியும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலம் எப்போதும் பஞ்சம். ஜேபெக் அதை மேலும் நசுக்கியிருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

ரேடியம் பச்சை வந்ததற்குக் காரணமும் இந்த எண்களிலேயே இருக்கிறது. ஹ்யூ திரும்பும்போது எண்கள் இடம் மாறுகின்றன. சிவப்பில் இருந்த 150 பச்சைக்குப் போகிறது. ஆனால் நம் கண்ணுக்கு ஒரே அளவு சிவப்பை விடப் பச்சை ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தெரியும். ஆக, அடக்கமான அரக்கு கொளுத்துகிற பச்சையாகிவிடுகிறது. Lightness-ஐக் குறைத்துச் சரிக்கட்டப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் பளபளப்பு சாம்பல் பூசிக்கொள்ளும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் புடவையில் இருக்கும் நிறத்தை முழுதாகக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு வெளிச்ச அளவுக்கும் உரிய பச்சையை நாமே கொடுக்க வேண்டும்.

தொடங்குமுன் படத்தை 16 Bits/Channel-க்கு மாற்றிவிடுங்கள். புடவையின் எல்லையைப் பென் டூலால் வெட்டுங்கள். Color Range இந்தப் படத்துக்கு ஆகாது. குங்குமம், உதடு, மேடையில் விரித்த சிவப்புக் கம்பளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும், கொசுவத்தின் நிழலை விட்டுவிடும். நிழலும் கம்பளமும் சேருகிற இடத்தில் விளிம்பே தெரியவில்லை என்றால், தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டு நிழலைத் தூக்கிப் பாருங்கள். எல்லை தெரியும். வெட்டி முடித்ததும் அந்த லேயரை எடுத்துவிடுங்கள். இந்தப் பாதையை ஒரு குரூப்பின் மாஸ்க்காக வைத்து, அரை பிக்சலோ ஒரு பிக்சலோ ஃபெதர் கொடுங்கள். இனி செய்வதெல்லாம் அந்தக் குரூப்புக்குள்.

குரூப்பில் முதல் லேயர் Channel Mixer. Monochrome டிக் செய்து, சிவப்புக்கு 60, பச்சைக்கு 40, நீலத்துக்கு 0 கொடுங்கள். மேலே சொன்ன எண்களையே இதில் போட்டுக் கணக்குப் பார்ப்போம். கொசுவத்தின் ஆழம் 26 ஆகிறது. சாதாரணப் பரப்பு 100. முட்டிப்போன முகடு 190, அதற்கு மேலே 200. பளபளப்பின் நடு 255. சிவப்பில் தட்டையாகக் கிடந்த இடத்தில் பச்சை சேனல் ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவந்துவிட்டது. நிழலில் சிவப்பு துணியின் வடிவத்தைக் காப்பாற்றிவிட்டது. இடையில் எங்கேயும் படி விழாமல் ஒரே சீராக ஏறுகிறது. படத்தைப் பொறுத்து 50-50, 70-30 என்று மாற்ற வேண்டி வரலாம். கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். முகடுகளில் நெசவு தெரிகிறதா, நிழலில் இரைச்சல் கிளம்பாமல் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். இப்போது அத்தை சாம்பல் நிறப் புடவையில் நிற்பார். மடிப்புக்குள் தெரிந்த பழுப்புத் திட்டுகளும் போயிருக்கும், ஏனென்றால் அவை நிற இரைச்சல், நிறத்தையே கழற்றிவிட்டோம்.

அடுத்த லேயர் Gradient Map. இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒவ்வொரு சாம்பலுக்கும் எந்த நிறம் என்று சொல்லிக்கொடுக்கிற லேயர் அது. எந்தப் பச்சையைக் கொடுப்பது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பக்கத்தில் நான்கு பேர் நிற்கிறார்களே! அதே ஃபிளாஷ், அதே பல்பு, அதே தூரம். உண்மையான பாட்டில் பச்சைப் பட்டு இந்த வெளிச்சத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அவர்கள்தான் சாட்சி. அத்தைக்கு அடுத்து நிற்பவரின் புடவையில் ஐட்ராப்பரை 5 by 5 Average-இல் வைத்து நான்கு இடம் தொட்டு எடுங்கள்: மடிப்பின் ஆழம், சாதாரணப் பரப்பு, வெளிச்சம் பட்ட முகடு, பளபளப்பின் ஓரம். பின் வரிசையில் நிற்பவரிடம் எடுக்காதீர்கள். ஃபிளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறைந்துகொண்டே போகும். இரண்டு மடங்கு தூரத்தில் கால் பங்குதான் மிஞ்சும். அங்கே பச்சையின் குணமே வேறாக இருக்கும்.

இப்படி எடுத்தால் கிடைக்கக்கூடிய எண்களை உதாரணமாகச் சொல்கிறேன். ஆழத்தில் 13, 16, 10. பரப்பில் 12, 74, 52. முகட்டில் 60, 150, 110. பளபளப்பின் ஓரத்தில் 205, 228, 212. Gradient Map-இல் முதல் நிறத்தை Location 10%-இல் வையுங்கள், நம் 26 அங்கேதான் விழுகிறது. இரண்டாவதை 39%, மூன்றாவதை 75%, நான்காவதை 95%, கடைசியில் 100%-இல் சுத்த வெள்ளை. இடது கோடியில் கறுப்பு. Dither டிக் இருக்கட்டும், பட்டை பட்டையாக விழாது.

அந்த ஆழத்து நிறத்தைப் பாருங்கள். பச்சை என்று சொல்லவே முடியாது; பாசி பிடித்த பழுப்பு. ஃபிளாஷ் எட்டாத மடிப்புக்குள் போவது மண்டபத்தின் மஞ்சள் பல்பு வெளிச்சம் மட்டும்தான். ஃபிளாஷ் சுமார் 5500 கெல்வின், பழைய வகை மஞ்சள் பல்பு 3000-க்கும் கீழே. ஒரே புடவையின் மேல் இரண்டு வெவ்வேறு வெளிச்சம் விழுந்திருக்கிறது. எடிட் செய்கிறவர்கள் நிழலிலும் அழகான கரும்பச்சையைப் பூசிவிடுவார்கள். அது தனியாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கும் நான்கு பேரோடு சேர்த்துப் பார்த்தால் அத்தை மட்டும் வேறு மண்டபத்தில் நிற்பது போல இருக்கும்.

மேல் கோடியின் வெள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளபளப்பும் பச்சையாக வேண்டாமா என்று நினைப்பீர்கள். கூடாது. பட்டின் மேல் தெரியும் அந்தப் பளபளப்பு, சாயத்துக்குள் போய் வந்த வெளிச்சம் இல்லை. இழையின் மேல்பரப்பில் பட்டு அப்படியே திரும்பிவிடுகிற ஃபிளாஷ் வெளிச்சம். அரக்குப் பட்டானாலும் பச்சைப் பட்டானாலும் அது ஃபிளாஷின் நிறமாகவே இருக்கும். அதைப் பச்சையாக்கினால் பட்டு பிளாஸ்டிக்காகிவிடும். பளபளப்பைச் சுற்றி நீங்கள் பார்த்த விளிம்பு, வெள்ளைக்கும் அரக்குக்கும் நடுவே இருந்த ரோஸ் நிற வளையம். வெள்ளை திரும்பவில்லை, அரக்கு திரும்பியது, நடுவில் இருந்தது பாதி வழியில் நின்றுவிட்டது. Gradient Map-இல் 75%-லிருந்து 100% வரை பச்சை மெல்ல வெளுத்துக்கொண்டே போவதால் அந்த வளையம் தானாகவே கரைந்துவிடும்.

மூன்று சேனலும் 255 ஆகிவிட்ட திட்டு பெரிதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கைவேலை வேண்டும். தோளிலும் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலிலும் இப்படி வரும். அங்கே மீட்க ஒன்றுமே இல்லை. Channel Mixer-க்குக் கீழே வெற்று லேயர் ஒன்றைப் போட்டு, அதே திசையில் ஓடும் வேறொரு முகட்டிலிருந்து நெசவை க்ளோன் ஸ்டாம்ப்பால் 40% ஒபாசிட்டியில், திட்டின் ஓரங்களில் மட்டும் கொண்டுவாருங்கள். நடுவை வெள்ளையாகவே விடுங்கள். முழுவதையும் மூடினால், ஃபிளாஷ் அடித்த படத்தில் ஃபிளாஷ் படாத தோள் ஒன்று முளைக்கும். முகத்தில் எண்ணெய் மினுங்கும்போது தோள் மட்டும் மங்கலாக இருந்தால், காரணம் சொல்லத் தெரியாதவர் கண்ணுக்குக்கூட உறுத்தும்.

ஜரிகைதான் பொறுமையைச் சோதிக்கும். அது உலோகம், தன் மேல் படும் வெளிச்சத்தையும் பொன்னிறமாக்கித்தான் திருப்பி அனுப்பும். பட்டின் பளபளப்பு வெள்ளை, ஜரிகையின் பளபளப்பு பொன். இந்த வித்தியாசம் அப்படியே நிற்க வேண்டும். அதனால் மேலே செய்த பச்சை வேலை ஜரிகையைத் தொடவே கூடாது. கரையில் ஜரிகைக்கு நடுவே அரக்கு இழைகளும் ஓடும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்ட முடியாது. இங்கேயும் பச்சை சேனல் கைகொடுக்கும். ஜரிகையின் எண்கள் 200, 160, 90 என்ற மாதிரி இருக்கும், பச்சையில் 160. பக்கத்து அரக்கு இழை பச்சையில் வெறும் 25. அந்த ஒரு சேனலில் ஜரிகை வெளிச்சமாகவும் அரக்கு கறுப்பாகவும் பளிச்சென்று பிரிந்து நிற்கும்.

கரையையும் முந்தானையையும் பென் டூலால் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். குரூப்பை அணைத்துவிட்டு, Channels பேனலில் பச்சை சேனலை நகலெடுத்து Levels-இல் கறுப்பு முனையை 60 அருகிலும் வெள்ளை முனையை 130 அருகிலும் கொண்டுவந்தால் ஜரிகை மாஸ்க் தயார். அதை அந்தப் பட்டைக்குள் மட்டும் பயன்படுத்தி, குரூப் மாஸ்க்கில் கறுப்பை நிரப்புங்கள். பட்டைக்கு வெளியே விடாதீர்கள், பட்டின் பளபளப்பும் பச்சை சேனலில் வெளிச்சம்தான், அதையும் ஜரிகை என்று எடுத்துக்கொள்ளும். உடம்பில் இருக்கும் புட்டாக்களை லாஸோவில் வளைத்து இதே மாதிரி செய்யலாம். ஃபிளாஷை விட்டு முகம் திருப்பியிருக்கும் ஜரிகை இழைகள் கறுத்துப் பழுப்பாக இருக்கும். மாஸ்க் அவற்றைத் தவறவிட்டால் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். சின்ன பிரஷ்ஷால் கையாலேயே அடைத்துவிடுங்கள். வேறு வழி இல்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு நிறைய பேர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஃபிளாஷ் வெளிச்சம் அரக்குப் புடவையில் பட்டு, சிவந்த வெளிச்சமாக மற்ற இடங்களில் தெறித்திருக்கும். முழங்கைக்குக் கீழ்ப்புறம், தாடையின் அடி, வளையலின் உட்பக்கம், பக்கத்தில் நிற்பவரின் புடவை ஓரம் எல்லாவற்றிலும் ஒரு சிவப்பு ஏறியிருக்கும். பச்சைப் புடவைக்கு மேல் சிவந்த முழங்கை. புதிய லேயரை Color மோடில் போட்டு, அதே கையின் மேற்புறத்துத் தோல் நிறத்தை எடுத்து, மெல்லிய பிரஷ்ஷில் Flow 10% வைத்துத் தடவுங்கள். சிவப்பை இறக்கினால் போதும், தோலில் பச்சையைச் சேர்க்கப் போகாதீர்கள். வளையலுக்கு Hue/Saturation-இல் Reds மட்டும் தேர்ந்து Saturation-ஐ 25 அளவு குறைத்தால் சரியாகும். அங்கே அந்த ஸ்லைடர் நல்ல கருவிதான்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White லேயரைப் போட்டு ஐந்து புடவைகளையும் சாம்பலில் பாருங்கள். அத்தையின் புடவை மற்ற நான்கைவிட வெளுத்தோ கறுத்தோ தெரிந்தால் Gradient Map-இன் இரண்டாவது நிறத்தை நகர்த்துங்கள். நிறத்தோடு பார்க்கும்போது கண் ஏமாறும், சாம்பலில் ஏமாறாது. அடுத்து, ஆல்பத்துக்கு அனுப்புமுன் அந்தப் பகுதியை மட்டும் 4x6-இல் உங்கள் லேப்பில் ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். திரையில் தெரியும் நிழல் காகிதத்தில் இன்னும் கறுக்கும். திரையில் மறைந்திருந்த மாஸ்க் விளிம்பு லேமினேஷனுக்குப் பிறகு கண்ணில் பட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு எச்சரிக்கை. அத்தையின் புடவையோ பக்கத்தில் நிற்பவர்களுடையதோ பாவும் ஊடும் வேறு வேறு நிறமாக நெய்த இரட்டைச் சாயல் பட்டாக இருந்தால், மயில் கழுத்து மாதிரி, இந்த வழி முழுதாகக் கைகொடுக்காது. அந்தத் துணியில் நிறம் மாறுவது வெளிச்சத்தின் அளவால் மட்டும் இல்லை, மடிப்பு திரும்பும் கோணத்தாலும். Gradient Map-க்குக் கோணம் தெரியாது.

இப்போது மாப்பிள்ளையின் கோட்டு. முடியாது என்று சொல்லிவிடுங்கள். அரக்கும் பாட்டில் பச்சையும் ஏறக்குறைய ஒரே கருமை உள்ள நிறங்கள், அதனால்தான் புடவை வேலை நடந்தது. கறுப்பு கோட்டின் மடிப்புகள் ஜேபெக்கில் 8-லிருந்து 20-க்குள் அடங்கிக் கிடக்கும். அந்த இடைவெளியில் இருப்பது பன்னிரண்டு பதின்மூன்று படிகள்தான். அவற்றை கிரீம் நிறத்துக்கு 150, 200 என்று இழுத்தால் படிகள் பட்டைகளாகப் பிரியும், இரைச்சல் மணல் கொட்டியது போலத் தெரியும். ரா ஃபைல் இருந்தால் இரைச்சல் குறையும். ஆனாலும் கோட்டு கிரீமாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே துணியின் நடத்தையே வேறு. வெளிர் துணியின் மடிப்பில் ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவரில் தெறித்து மடிப்பை நிரப்பும். நிழல் மென்மையாக இருக்கும். கறுப்புத் துணி வெளிச்சத்தை விழுங்கிவிடும். நேர் ஃபிளாஷில் மடிப்பெல்லாம் கத்தியால் கீறியது போலக் கறுத்து நிற்கும். அந்தக் கீறல்களோடு கிரீம் பூசினால் அழுக்கு கோட்டுதான். கீறல்களை அழித்துவிட்டு நிழல்களைப் புதிதாக வரையலாம், ஆனால் அது எடிட்டிங் இல்லை, ஓவியம். அந்தக் கூலியை ஆல்பம் ரேட்டில் யாரும் தரமாட்டார்கள்.

அவர்களுக்கு வேண்டுமானால் கோட்டைக் கரு நீலமாக்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஆழத்தில் 10, 11, 16, பரப்பில் 24, 30, 58, காலரின் சாட்டின் பளபளப்பு தொடாமல் அப்படியே. அரை மணி நேர வேலை. கிரீம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மாப்பிள்ளையை கிரீம் கோட்டில் ஜன்னல் பக்கம் நிறுத்தி நாலு படம் எடுத்து ஆல்பத்தில் சேர்ப்பது செலவு குறைவு.